மீட்டிங் ரூம் டிவியில் வயர் இல்லாமல் ஸ்லைடு காட்ட

திருப்பூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் ஆபீஸின் மீட்டிங் ரூமை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஆறு நாற்காலி, சாம்பிள் மாட்ட ஒரு ஸ்டாண்டு, சுவரில் 43 அங்குல டிவி. மெர்ச்சண்டைசர் லேப்டாப்பில் பவர்பாயிண்ட் தயாராக இருக்கிறது, அதை டிவியில் காட்ட வேண்டும். விண்டோஸ் லேப்டாப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் பக்கத்து ஆபீஸ்களில் பெரும்பாலும் அதுதானே.

வயர் இல்லாமல் படம் அனுப்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிப்பதால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வழி மிராகாஸ்ட். இதில் லேப்டாப்பும் டிவியும் தங்களுக்குள் நேரடியாக ஒரு வைஃபை இணைப்பை உண்டாக்கிக்கொள்ளும். நடுவில் ரூட்டர் தேவையில்லை. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் படம் போகும். இரண்டாவது வழி கூகுள் காஸ்ட். இதில் படம் ரூட்டர் வழியாகத்தான் டிவிக்குப் போகும். அதனால் லேப்டாப்பும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். உங்கள் டிவி இந்த இரண்டில் எதற்குப் பழக்கம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரச்சினை வரும்போது எங்கே தேடுவது என்பதும் அதை வைத்துத்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். சாம்சங் டிவி என்றால் "Screen Mirroring" என்றும், எல்ஜி என்றால் "Screen Share" என்றும் சோர்ஸ் பட்டியலிலோ ஆப் வரிசையிலோ ஒன்று இருக்கும். இவை மிராகாஸ்ட் வகை. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி என்று பெட்டியில் எழுதியிருந்தால் கூகுள் காஸ்ட் கட்டாயம் இருக்கும். மிராகாஸ்ட் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்மார்ட் டிவியே இல்லை, வெறும் எச்டிஎம்ஐ துளை மட்டும்தான் என்றால் அந்தத் துளையில் செருகும் டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும். கடையில் கேட்கும்போது "மிராகாஸ்ட் டாங்கிளா, காஸ்ட் டாங்கிளா" என்று தெளிவாகக் கேளுங்கள். இன்னொன்று, டாங்கிளுக்கான கரண்டை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியருக்கு மேல் கொடுக்காது. நடுவில் டாங்கிள் அணைந்து அணைந்து எரியும். சுவர் பிளக்கில் தனியாக ஒரு சார்ஜர் போட்டுவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

மிராகாஸ்ட் வழி

டிவியில் மேலே சொன்ன Screen Mirroring அல்லது Screen Share பக்கத்தைத் திறந்து வையுங்கள். சில மாடல்கள் திறக்காமலேயே கண்ணுக்குத் தெரியும், சில தெரியாது. திறந்து வைத்துவிட்டால் சந்தேகமே இல்லை. லேப்டாப்பில் வைஃபை ஆனில் இருக்க வேண்டும். லேன் வயரில் இன்டர்நெட் வருகிறது என்று வைஃபையை அணைத்து வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள், ஏனென்றால் மிராகாஸ்ட் போவது வைஃபை சிப் வழியாகத்தான்.

இப்போது கீபோர்டில் Windows + K அழுத்துங்கள். வலது ஓரத்தில் ஒரு பட்டியல் திறந்து, சில நொடிகளில் டிவியின் பெயர் வரும். அதைக் கிளிக் செய்தால் டிவியில் அனுமதி கேட்கும். ரிமோட்டில் "Allow" கொடுங்கள். சில டிவிகள் நம்பர் ஒன்றைக் காட்டி அதை லேப்டாப்பில் போடச் சொல்லும். அவ்வளவுதான், லேப்டாப் திரை டிவியில் வந்துவிடும். முடித்த பிறகு மறுபடியும் Windows + K, அப்புறம் "Disconnect".

இதைத் தேடிப்போய் பலர் செட்டிங்ஸில் "Projecting to this PC" என்ற பக்கத்துக்குள் நுழைந்து, அங்கே கேட்பதையெல்லாம் இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள். அது வேறு ஒரு திரையை இந்த லேப்டாப்பில் வாங்கிக் காட்டுவதற்கு. நமக்கு வேண்டியது அனுப்புவது. அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

Windows + K அழுத்தினால் டிவி வரவே இல்லை என்றால், முதலில் லேப்டாப்புக்கே அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் cmd என்று அடித்துத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
netsh wlan show drivers
```

வரும் நீளமான பட்டியலின் கீழ்ப்பகுதியில் "Wireless Display Supported" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே Yes இருந்தால் லேப்டாப் மேல் குற்றமில்லை. No என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவரா, வைஃபை டிரைவரா, எது ஒத்துழைக்கவில்லை என்பதையும் அதே வரியில் அடைப்புக்குள் சொல்லிவிடும். பெரும்பாலும் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த டிரைவரைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். Yes என்றும் இருக்கிறது, டிவி பெயரும் வருகிறது, ஆனால் "கனெக்ட் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஹெட் ஆபீஸ் சர்வருக்காகப் போட்டிருக்கும் விபிஎன் பல சமயம் இந்த நேரடி இணைப்பை விடாது. மீட்டிங் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

குறிப்பு உங்களுக்கு, ஸ்லைடு அவர்களுக்கு

இணைந்த கையோடு லேப்டாப்பில் என்ன தெரிகிறதோ அதுவே டிவியிலும் தெரிந்தால் அது "Duplicate" நிலை. அப்படியே மீட்டிங்கை ஆரம்பிப்பவர்கள் அதிகம். எனக்கு அது பிடிக்காது. பையரிடம் ஒரு பீஸுக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, விலைக்கணக்கு ஷீட்டைத் திறந்து ஒரு கணக்கைப் பார்க்கக்கூட முடியாது. நீங்கள் பார்ப்பதை அவரும் பார்ப்பார்.

Windows + P அழுத்தி "Extend" தேர்ந்தெடுங்கள். இப்போது டிவி என்பது லேப்டாப்பின் வலது பக்கம் ஒட்டிய இன்னொரு திரை. பவர்பாயிண்டில் "Slide Show" பட்டைக்குப் போய் "Use Presenter View" டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, பக்கத்திலுள்ள "Monitor" பெட்டியில் டிவியைத் தேர்ந்தெடுத்து, F5 அழுத்துங்கள். டிவியில் ஸ்லைடு மட்டும் முழுத்திரையாக நிற்கும். லேப்டாப்பில் நடப்பு ஸ்லைடு, அடுத்த ஸ்லைடு, நீங்கள் எழுதி வைத்த குறிப்பு, ஓடும் நேரம் எல்லாம் தெரியும். இரண்டும் இடம் மாறி வந்துவிட்டால் மேலே "Display Settings" என்பதில் மாற்றிக்கொள்ளலாம். நடுவில் பேச்சு வேறு பக்கம் போனால் B எழுத்தை அழுத்துங்கள், டிவி கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வந்துவிடும். இணைப்பை அறுக்க வேண்டியதில்லை.

Extend நிலையில் வாட்ஸ்அப் வந்து எட்டிப்பார்க்கும் தொல்லையும் குறையும். விண்டோஸ் அறிவிப்புகள் பிரதான திரையின் மூலையில்தான் வரும், அது லேப்டாப். "அண்ணா, டையிங்கில ஷேடு மாறிப்போச்சுங்க" என்று யூனிட்டிலிருந்து வரும் மெசேஜைப் பையர் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கூகுள் காஸ்ட் வழி

டிவி கூகுள் டிவி, Windows + K அழுத்தினால் பெயர் வரவில்லை என்றால் இந்த வழி. லேப்டாப்பில் குரோம் பிரவுசர் வேண்டும். வலது மேல் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டு "Cast, save, and share" என்பதற்குள் "Cast" கொடுத்தால் டிவியின் பெயர் வரும். உடனே கிளிக் செய்துவிடாமல் "Sources" என்பதைத் திறந்து பாருங்கள். "Cast tab" என்றால் அந்த ஒரு டேப் மட்டும் டிவிக்குப் போகும். "Cast screen" என்றால் மொத்தத் திரையும் போகும்.

பவர்பாயிண்டைக் காட்ட Cast screen தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அப்போது லேப்டாப் திரை அப்படியே பிரதியாகப் போகிறது. டிவி தனித் திரையாக மாறுவதில்லை. பிரசென்டர் வியூவைத் திறந்தால் உங்கள் குறிப்புகளும் சேர்ந்து டிவியில் ஏறிவிடும். அதனால் இந்த வழியில் நான் சொல்வது: பவர்பாயிண்டை PDF ஆகச் சேமியுங்கள், அதைக் குரோமில் ஒரு டேபில் திறந்து அந்த டேபை மட்டும் அனுப்புங்கள். அனிமேஷன் போய்விடும், ஆர்டர் ஸ்டேட்டஸ் காட்டும் ஸ்லைடில் அனிமேஷன் எதற்கு? டேபை மட்டும் அனுப்பினால் படமும் கொஞ்சம் தெளிவாக இருக்கும், விலைக்கணக்கு ஷீட்டைத் தனி விண்டோவில் திறந்தாலும் டிவிக்குப் போகாது. கூகுள் ஸ்லைட்ஸில் வேலை செய்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

இன்னொரு சின்ன வேலை. பல கம்பெனிகள் இருக்கும் காம்ப்ளெக்ஸ் என்றால் "Living Room TV" என்று இரண்டு மூன்று பெயர் வரும். அதில் ஒன்று மாடி ஆடிட்டர் ஆபீஸ் டிவியாக இருக்கலாம். குறிப்பாக மிராகாஸ்டில் பக்கத்து ஆபீஸ் டிவியும் தாராளமாகத் தெரியும், சுவர் அதற்குத் தடையில்லை. டிவி செட்டிங்ஸில் "Device name" என்ற இடத்தில் உங்கள் கம்பெனி பெயரைப் போட்டு வைத்துவிடுங்கள்.

"வைஃபை ஒண்ணுதானுங்களே, அப்புறம் ஏன் வரலீங்க?"

காஸ்ட் வழியில் அதிகம் கேட்கும் புகார் இது. டிவி பட்டியலிலேயே வராது. டிவியும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில்தான் இருக்கிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். இதன் காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்கும் இரண்டாவது ரூட்டர். விவரமாகவே பார்க்கலாம்.

கீழே அக்கவுண்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஃபைபர் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டி இருக்கிறது. அதிலேயே வைஃபையும் உண்டு. மாடி மீட்டிங் ரூமுக்கு சிக்னல் எட்டவில்லை என்று ஒரு ரூட்டர் வாங்கி, பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்து, மாடியில் மாட்டியாகிவிட்டது. யாருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. இங்கேதான் சிக்கல். பெயர் ஒன்று, ஆனால் நெட்வொர்க் இரண்டு. மாடி ரூட்டர் தனக்குக் கீழே தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. டிவியை முதலில் மாட்டும்போது அது கீழ்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டது, லேப்டாப் மாடி ரூட்டரைப் பிடித்திருக்கிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று டிவி விடும் அறிவிப்பு அதன் நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது. ரூட்டர் அதைக் கடத்தாது. அதனால் இன்டர்நெட் இரண்டிலும் ஜோராக ஓடும், யூடியூப் வரும், காஸ்ட் மட்டும் வராது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். லேப்டாப்பில் cmd திறந்து:

```
ipconfig
```

"Wireless LAN adapter Wi-Fi" என்ற தலைப்பின் கீழ் "IPv4 Address" வரியைப் பாருங்கள். 192.168.0.105 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து டிவியில் Settings, அதற்குள் Network, இணைந்திருக்கும் வைஃபையைத் தொட்டால் அதன் ஐபி முகவரி வரும். அங்கே 192.168.1.7 இருந்தால் திருடன் பிடிபட்டான். மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள்: ஒன்றில் 0, மற்றதில் 1. வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் வரும் ரூட்டர்களில் பொதுவாக முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் ஒரே நெட்வொர்க்.

மீட்டிங் இன்னும் ஐந்து நிமிடத்தில் என்றால், மாடி ரூட்டரின் வைஃபை பெயரை மட்டும் மாற்றி, டிவியையும் லேப்டாப்பையும் அந்தப் புதுப் பெயரில் இணைத்துவிடுங்கள். வேலை நடக்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய, மாடி ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் "Operation Mode" என்று தேடி "Access Point" ஆக மாற்றுங்கள். அப்போது அது தனி நெட்வொர்க் வைத்துக்கொள்ளாமல் கீழ்ப் பெட்டியின் நெட்வொர்க்கையே மாடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும்.

பழைய ரூட்டரில் அந்த வசதி இல்லை என்றால் கையால் செய்யலாம். மாடி ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 போலக் கீழ்ப் பெட்டியின் வரிசையில் வேறு யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள். அடுத்து அதில் "DHCP Server" என்பதை அணையுங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் வயரை WAN துளையிலிருந்து எடுத்து LAN துளை ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். DHCP-யை அணைக்கும் முன் வயரை மாற்றினால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்க ஆரம்பித்து, அக்கவுண்ட்ஸில் டாலி சர்வர்கூடக் காணாமல் போகும். எல்லாம் முடிந்ததும் லேப்டாப் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டு ipconfig மறுபடி கொடுங்கள். 192.168.1 என்று ஆரம்பித்தால் முடிந்தது, குரோமில் டிவி பெயர் வந்துவிடும்.

இரண்டு முகவரிகளும் ஒத்துப்போகின்றன, இருந்தும் டிவி வரவில்லை என்றால் ரூட்டரில் "AP Isolation" அல்லது "Client Isolation" என்று ஒன்று ஆனில் இருக்கும். கெஸ்ட் வைஃபை என்றால் அது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க விடாது. டிவியை கெஸ்ட் வைஃபையில் போட வேண்டாம். கரண்ட் போய் வந்த பிறகும் ஒரு முறை பாருங்கள்: மாடி ரூட்டர் ஏறுவதற்குள் டிவி கீழ்ப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் தனித்தனி நெட்வொர்க்காக இருந்தால் பழைய கதை மறுபடி.

எழுத்து, கலர், தாமதம்

படம் டிவிக்கு வந்தாகிவிட்டது. மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பவர் படிக்க முடிகிறதா? 43 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். பவர்பாயிண்டின் அகலமான ஸ்லைடில் எழுத்தளவு 12 வைத்தால் அது டிவியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் இடம் பிடிக்கும். அதில் பாதிதான் எழுத்தின் உடம்பு. மூன்று மீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். எழுத்தளவு 24-க்குக் கீழே போகாதீர்கள். தமிழில் சுழியும் கொம்பும் நெருங்கி நிற்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் தவறில்லை. எக்ஸலில் இருக்கும் ஆர்டர் ஷீட்டை அப்படியே ஸ்லைடில் ஒட்டாமல், அன்றைக்குப் பேசப்போகும் நாலைந்து ஸ்டைலை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

தமிழ் ஸ்லைடுக்கு வயர்லெஸ்ஸில் ஒரு லாபமும் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு டிவியிலேயே திறந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது கசமுசாவாகத்தான் வரும். இங்கே போவது லேப்டாப் வரைந்த படம். லேப்டாப்பில் சரியாகத் தெரிந்தால் டிவியிலும் சரியாகத் தெரியும்.

கலர் விஷயத்தில் மட்டும் டிவியை நம்பாதீர்கள். வயர்லெஸ்ஸில் படம் சுருக்கி அனுப்பப்படும்போது கலர் விவரம்தான் முதலில் வெட்டுப்படும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்டுப் பாருங்கள், ஓரமெல்லாம் கசிந்திருக்கும். டிவிக்காரர் கொடுத்த "Vivid" மோடு வேறு தன் பங்குக்கு எல்லாவற்றையும் பளபளப்பாக்கும். அதை "Movie" அல்லது "Cinema" மோடுக்கு மாற்றலாம், கொஞ்சம் அடங்கும். ஆனால் லேப் டிப் பார்த்து ஷேடு ஓகே சொல்வதெல்லாம் டிவியில் செய்யும் வேலையே இல்லை. துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மவுஸை நகர்த்தினால் டிவியில் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அது கோளாறில்லை, படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிக்கும் நேரம் அது. ஸ்லைடு மாற்றுவதற்கு ஒன்றும் தெரியாது. அதே லேப்டாப்பில் கூகுள் மீட்டும் ஓடிக்கொண்டிருந்தால்தான் தொல்லை, சத்தமும் டிவிக்குப் போய், அங்கிருந்து திரும்ப லேப்டாப் மைக்குக்குள் நுழைந்து எதிரொலிக்கும். டாஸ்க்பார் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, சத்தம் போகும் இடத்தை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள்.

வந்தவர் லேப்டாப்

பையர் தன் லேப்டாப்பிலிருந்து காட்ட வேண்டும் என்று கேட்டால் வயர்லெஸ் பக்கமே போகாதீர்கள். அவர் கம்பெனி லேப்டாப்பில் விபிஎன்னை நிறுத்த அனுமதி இருக்காது. அவரை உங்கள் உள் வைஃபையில் சேர்த்தால் டாலி சர்வர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் அவரும் இருப்பார், கெஸ்டில் சேர்த்தால் டிவி தெரியாது. இதற்காகத்தான் டிவியின் இன்னொரு எச்டிஎம்ஐ துளையில் ஐந்து மீட்டர் வயர் ஒன்றை நிரந்தரமாகச் செருகி, மறுமுனையை மேசைவரை கொண்டுவந்து வைக்கச் சொல்கிறேன். புது லேப்டாப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே இல்லை, டைப்-சி மட்டும்தான். ஆகவே டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றும் வயரோடு சேர்ந்தே தொங்கட்டும், வயரில் ஒரு டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது யாராவது ஒருவர் பைக்குள் போய்விடும்.